தடைக்காலம் முடியும் இரவு: பெரியப்பாவுக்கு எந்த எமோஜி, மச்சானுக்கு எது?

ஜூன் 14 ராத்திரி ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழு எதையாவது திறந்து பாருங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் ஓடி முடிகிற நேரம் அது. டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, வலையைச் சரிபார்த்து விசைப்படகுக்காரர்கள் கிளம்பத் தயாராக இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வாழ்த்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். சொல்லப்போவது என்னவோ ஒன்றுதான்: பத்திரமாகப் போய் வாங்க, நல்ல பாடு கிடைக்கட்டும், அதாவது வலை நிறைய மீன் படட்டும். ஆனால் அது படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாக இருந்தும் இந்த வயதிலும் கூடவே கடலுக்குப் போகிற பெரியப்பாவுக்கும் போக வேண்டும், அதே படகில் வலை இழுக்கும் மச்சானுக்கும் போக வேண்டும். இருவருக்கும் ஒரே எமோஜியைப் போட்டால் ஒருவருக்குக் கண்டிப்பாகப் பொருந்தாது.

பெரியவர்களில் இருந்து தொடங்குவோம். அங்கே போட்டி 🙏, 👍, 💐 மூன்றுக்கும்தான். 🙏 யுனிகோடில் 2010-இல் சேர்ந்தது, ஜப்பான்காரர்கள் நன்றிக்கும் வேண்டுதலுக்கும் பயன்படுத்தியது. நம் பக்கம் அது வணக்கமாகவும் பிரார்த்தனையாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. படகில் சூடம் காட்டிவிட்டுப் போகிறவருக்கும், தங்கச்சிமடத்தில் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புகிறவருக்கும் அது உறுத்தாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பெரியவர் என்றால் நான் 🤲 போடுவேன், துஆ கேட்கும் கைகள் அப்படித்தான் இருக்கும். 🙏 வந்தால் அவர்களில் பலர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்தான், ஆனாலும் அவருக்கென்று பார்த்துப் போட்டது தெரியும். ஒரு சின்னச் சிக்கல், 🤲 வந்தது 2017-இல். ரொம்பப் பழைய போனில், புதுப்பிக்காத செயலியில் அது வெறும் கட்டமாகத் தெரியலாம். சந்தேகம் இருந்தால் எமோஜியே வேண்டாம், துஆ செய்றேன் மாமா என்று எழுதிவிடலாம்.

👍 பற்றித்தான் அதிகம் சண்டை. பெரியவர் நமக்கு 👍 அனுப்பினால் அது ஆசீர்வாதம். நாம் அவருக்கு அனுப்பினால், சரி போங்க, பார்த்துட்டேன் என்று கணக்கு முடிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரே விரல்தான், மேலிருந்து கீழே வருவதும் கீழிருந்து மேலே போவதும் வேறு. 💐 கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் நல்லது, கடலுக்குப் போகிறவருக்குப் பூங்கொத்து எதற்கு? ❤️ சித்திக்கும் அத்தைக்கும் சரி, சம்மாட்டி பெரியப்பாவுக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அது வீட்டுக்கு வீடு மாறும்.

மச்சான் பக்கம் கதையே வேறு. 💪 🔥 😂 எல்லாம் ஓடும். 🦐🦀 போட்டால் அது வாழ்த்து இல்லை, பங்கு கேட்பது, அவனுக்கும் அது தெரியும். ஆனால் அதே இறாலைப் பெரியப்பாவுக்குப் போட்டால், வலை தண்ணீரில் விழுவதற்கு முன்பே பாடு எவ்வளவு என்று கேட்பது போல ஆகிவிடும். 💰 இன்னும் மோசம். ரெண்டு மாதம் வருமானம் இல்லாமல், கடன் வாங்கிப் படகைச் சீர் செய்தவரிடம் பண மூட்டைப் படத்தை நீட்டுவானேன்? படகு எமோஜிக்கு வந்தால் நம் ஊர் விசைப்படகு எதுவுமே அங்கே கிடையாது, ⛵ பாய் கட்டினது, 🚢 பெரிய கப்பல், 🚤 வேகப் படகு. ⚓ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கிளம்புகிறவனுக்கு நங்கூரம் போடச் சொல்கிறார்கள்.

நண்பர்களுக்குள் சாதாரணமாக ஓடுகிற சிலது கலவைக் குழுவுக்கு ஆகாது. 💀 இன்றைய பிள்ளைகளுக்குச் சிரித்துச் செத்தேன் என்று அர்த்தம், 😭 கூடச் சிரிப்புதான். பெரியவர்கள் பார்ப்பது மண்டையோடும் கண்ணீரும். நண்பர்கள் மட்டும் இருக்கும் இடத்தில், மச்சான் வாந்தி எடுக்கப்போறான் 💀💀 என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அதையே குடும்பக் குழுவில், படகு கிளம்பும் ராத்திரியில் போட்டால் அத்தை தூங்க மாட்டார். எல்லை தாண்டிப் போய்ச் சிறைப்பட்ட செய்தியும் காற்றில் மாட்டிய செய்தியும் கேட்டே பழகிய வீடுகள் இவை, அங்கே மண்டையோட்டை யாரும் கேலியாகப் படிக்க மாட்டார்கள். இதேதான் திரும்பியும் நடக்கிறது. சிரித்துக் கண்ணீர் விடும் 😂 முகத்தை அழுகை என்று நினைத்து இறப்புச் செய்திக்குப் போடும் தாத்தாக்கள் உண்டு. அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது.

இப்போது அளவு. இரண்டு செய்திகளைப் பக்கத்தில் வைக்கிறேன், ரெண்டும் பெரியப்பாவுக்கு.

ஒன்று: 🌊🌊🙏🙏🙏 நல்ல 🐟🐟🐟 பாடு 💰💰 அமைய 🔥🔥 வாழ்த்துகள் 🚢🚢💐💐💐

இன்னொன்று: பெரியப்பா, பத்திரமா போயிட்டு வாங்க. காத்து கூடுனா வந்துருங்க, பாடு அப்புறம் பாத்துக்கலாம் 🙏

முதலாவதில் இருந்து எமோஜியை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நல்ல பாடு அமைய வாழ்த்துகள், அவ்வளவுதான் மிச்சம். யாருக்கு வேண்டுமானாலும் போகலாம், யாரோ அனுப்பியதை முன்னனுப்பினது போலவே இருக்கும். இரண்டாவதில் எமோஜியை எடுத்தாலும் அது பெரியப்பாவுக்கு மட்டும்தான் போகும். என் சோதனை இதுதான், எடுத்த பிறகு ஆளும் தெரிய வேண்டும், கவலையும் தெரிய வேண்டும். இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு: கண் தெரியாமல் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர் போனில், சொல்லுக்கு நடுவே எமோஜி செருகினால் வரி கண்ட இடத்தில் உடைந்து ஒரு வாக்கியம் ஐந்தாறு வரியாக இறங்குகிறது. அதனால் கடைசியில் வைப்பதே நல்லது.

மச்சானுக்கு எழுதுவதில் எண்ணிக்கையே வேறு மாதிரி வேலை செய்யும். டேய், லைஃப் ஜாக்கெட்ட மூட்டைக்கு அடியில போட்டு வைக்காத, கையில எட்டுற மாதிரி வை. வந்ததும் எனக்கு 🦀🦀🦀. இங்கே மூன்று நண்டு என்றால் மூன்று நண்டு, அலங்காரம் இல்லை. அவன் 🦀 ஒன்று மட்டும் திருப்பி அனுப்பினால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி எண்ணிக்கைக்கு ஒரு வேலை இருக்கும்வரை எத்தனை போட்டாலும் பொய்யாகத் தெரியாது. வேலை இல்லாமல் 🔥 பத்து போட்டால் நண்பனுக்கும் சலிப்புதான், என்ன, சொல்லிக் காட்ட மாட்டான்.

ஆனால் இந்த விதி பெரியவர்கள் அனுப்புவதற்குச் செல்லாது. பெரியப்பா பதிலுக்கு 🙏🙏🙏🙏🙏🙏🌹🌹🌹 அனுப்புவார். அவர் விசைப்பலகையில் தேடி ஒவ்வொன்றாக அழுத்தியிருப்பார், வார்த்தை டைப் பண்ணுவதுதான் அவருக்குக் கஷ்டம், அதனால் அத்தனையும் மனதில் இருந்து வந்தது. நாம் அதே அளவுக்குத் திருப்பி அடுக்கினால் நக்கலாகப் போய்விடும். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு 🙏 வைக்கலாம், வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2022-இல் வந்தபோது இருந்த ஆறு எமோஜிகளில் அதுவும் ஒன்று. குழுவில் நாற்பது பேர் ஏற்கெனவே அதையே வைத்திருந்தால் நம்முடையது எண்ணிக்கையில் கரைந்துவிடும். அப்போது பத்து விநாடிக் குரல் பதிவு ஒன்று போடுங்கள். ஆடுகிற படகில் அவரால் படிக்க முடியாது, ஆனால் போனைக் காதில் வைத்துக் கேட்பார். சிக்னல் இருக்கும் தூரம்வரைதான், அதனால் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.