4 ஜிபி கார்டில் திக்கலா, மங்கலா? எதைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம்

ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று சொன்னால், பத்தில் எட்டுப் பேர் சொல்வது ‘ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாரு’ என்பதுதான். நானும் ரொம்ப நாள் அதையே செய்துகொண்டிருந்தேன். 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குவேன், படம் கஞ்சி மாதிரி ஆகும், சராசரி எஃப்பிஎஸ் நன்றாக ஏறும், ஆனால் ஒரு தெருமுனையில் சட்டென்று கேமராவைத் திருப்பினால் வருகிற அந்த அரை நொடி உறைதல் மட்டும் அப்படியே இருக்கும். கார்டின் கணக்கிடும் வேகம் ஒரு விஷயம், அதன் மெமரியில் இடம் போதாதது வேறு விஷயம். ரெசல்யூஷன் முதலாவதற்குத்தான் மருந்து.

சரி, இடம் போதாதபோது உள்ளே என்ன நடக்கிறது? கேமைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

சில கேம்கள் டெக்ஸ்சருக்கென்று, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்களுக்கென்று, ஓர் அளவை முன்கூட்டியே ஒதுக்கிவிடும். ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கின் மெனுவில் High (1 GB), High (2 GB) என்று இருப்பது இந்த ஒதுக்கீட்டைத்தான். ஒவ்வொரு டெக்ஸ்சரும் பெரிதிலிருந்து சிறிதாகப் பல படிகளில் சேமிக்கப்பட்டிருக்கும். ஒதுக்கிய இடம் நிரம்பினால் பெரிய படியை ஏற்றாமல் சின்னப் படியையே சுவரில் ஒட்டிவிடும். ஓட்டம் சீராக இருக்கும், ஆனால் பக்கத்தில் போய் நின்றாலும் போஸ்டரில் எழுத்து தெரியாது, சில நொடி கழித்துத் தெளியும், அல்லது தெளியவே தெளியாது.

இன்னொரு வகை கேம்கள் கேட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டே போகும். கார்டில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் தலையிட்டு, சிலவற்றைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும். அதிலிருந்து ஏதாவது தேவைப்பட்டால் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இழுத்து வர வேண்டும். 2019-இல் வந்த ஜிடிடிஆர்5 வகை ஜிடிஎக்ஸ் 1650-இன் சொந்த மெமரி நொடிக்கு 128 ஜிபி கொடுக்கும்; அந்தக் கார்டு உட்கார்ந்திருக்கும் பாதையோ நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபிதான். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கையில் இருப்பது 16.7 மில்லி நொடி. அந்த நேரம் முழுக்க வேறு எதுவும் செய்யாமல் இழுத்தாலும் சுமார் 260 எம்பிதான் வந்து சேரும். அதைவிட அதிகம் ஒரே திருப்பத்தில் தேவைப்பட்டால் அந்த ஃப்ரேம் தாமதமாகத்தான் வரும், அதுதான் ஸ்டட்டர்.

ஆக மங்கலும் திக்கலும் ஒரே பற்றாக்குறையின் இரண்டு முகங்கள், ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். அன்ரியல் எஞ்சின் 4 கேம்களுக்கு யூட்யூபில் பரவலாகச் சுற்றும் ஒரு ‘தீர்வு’ இருக்கிறதே, Engine.ini கோப்பைத் திறந்து டெக்ஸ்சர் ஒதுக்கீட்டைத் தாறுமாறாக ஏற்றுவது, அது செய்வது இதைத்தான்: மங்கலை எடுத்து திக்கலாக மாற்றித் தருகிறது. 8 ஜிபி கார்டில் அது வேலை செய்யலாம். 4 ஜிபி-யில் 4000 என்று எழுதுவது வீட்டு வாடகையையும் சேர்த்து மளிகைக்குச் செலவழிப்பது மாதிரி. அதையே அடக்கமாக எழுதினால் உதவும்:

```
[SystemSettings]
r.Streaming.PoolSize=1500
r.Streaming.LimitPoolSizeToVRAM=1
```

1500 என்பது எம்பி கணக்கு. எல்லா கேமும் இதை மதிக்காது, ஆன்லைன் கேம்களில் கோப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். 1080பி-யில் விளையாடும் 4 ஜிபி கார்டு, மெனுவில் எதைக் குறைத்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்?

ரெசல்யூஷனை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் பெயர்தான் பெரிது. 1920 x 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், திரை அளவுப் படம் ஒன்றை மெமரியில் வைத்திருக்கும் ஒரு திரைப்படலம் சுமார் 8 எம்பி. 720பி-யில் அது 3.5 எம்பி. ஒரு கேம் இப்படி 20 படலங்களை வைத்திருக்கிறது என்று கொண்டால் மொத்த மிச்சம் 90 எம்பி சொச்சம். சில படலங்கள் புள்ளிக்கு 8 பைட் எடுக்கும் என்று சேர்த்துக்கொண்டாலும் 150-ஐத் தாண்டுவது கஷ்டம். கண்ணுக்குப் படம் முழுவதும் கெடுகிறது, மெமரியில் கிடைப்பதோ சில்லறை. எஃப்எஸ்ஆர் மாதிரி அப்ஸ்கேலர்களும் இந்த விஷயத்தில் அதே கதைதான், உள்ளே குறைந்த ரெசல்யூஷனில் வரைந்தாலும் கடைசிப் படத்துக்கான படலங்கள் முழு அளவில்தான் இருக்க வேண்டும். அதோடு உள்ரெசல்யூஷன் குறையும்போது கேம் டெக்ஸ்சரின் சின்னப் படியைத் தேர்ந்தெடுக்கும். அதை ஈடுகட்டும் சரிசெய்தலைக் கேம் செய்தவர்கள் மறந்துவிட்டால் மங்கல் கூடத்தான் செய்யும். 4கே திரை வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அங்கே ஒரு படலமே 33 எம்பி.

டெக்ஸ்சர் தரம் இதற்கு நேர் எதிர். 4096 x 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், இப்போது பரவலாக இருக்கும் பிசி7 சுருக்கத்தில் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 16 எம்பி, சின்னப் படிகளையும் சேர்த்தால் 21 எம்பி. ஒரு படி இறக்கி 2048 ஆக்கினால் 5 எம்பி சொச்சம். நான்கில் ஒரு பங்கு! ஒரே நேரத்தில் இப்படி 100 டெக்ஸ்சர்கள் முழு அளவில் தேவைப்படும் இடத்தில் 2,100 எம்பி என்பது 530 ஆகிவிடும், அதாவது ஒன்றரை ஜிபி-க்கு மேல் மிச்சம். எல்லாம் ஒரே சமயம் முழு அளவில் இருக்காது என்பதால் நிஜத்தில் இவ்வளவு கிடைக்காது, ஆனால் ரெசல்யூஷன் தந்த 90-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

கண்ணுக்கு நஷ்டமும் பயந்த அளவு இல்லை. 1080பி திரையில் இருப்பது மொத்தமே 20 லட்சம் புள்ளிகள், 4096 டெக்ஸ்சரில் இருப்பதோ 1 கோடியே 67 லட்சம். மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்கினால்தான் பெரிய படி தேவையே. ஆனால் இது High-இலிருந்து Medium-க்கு இறங்குவதைப் பற்றிய பேச்சு. Low என்பது கேமுக்குக் கேம் வேறு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 மார்ச் 2023-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது அதன் Medium டெக்ஸ்சரே களிமண் பூசியது மாதிரி இருந்தது, பிற்பாடு வந்த அப்டேட்டுகளில்தான் தேறியது. கேம் செய்தவர்கள் கீழ்ப் படிகளில் உழைக்காவிட்டால் நாம் மெனுவில் என்ன திருகினாலும் அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆனிசோட்ராபிக் ஃபில்டரை 16x-லேயே விட்டுவிடுங்கள். சாலையும் தரையும் தூரத்தில் தேய்த்துவிட்டது போல இருப்பதைப் பலர் டெக்ஸ்சர் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இந்த ஃபில்டரைக் குறைத்ததால் வருவது, அதைக் கூட்டினால் மெமரியில் இடம் பிடிக்காது.

நிழல் தரம் இந்தப் போட்டியில் யாரும் கவனிக்காத ஆள். 4096 x 4096 நிழல் வரைபடம் ஒன்று புள்ளிக்கு 4 பைட் கணக்கில் 64 எம்பி. சூரிய நிழலுக்கு இப்படி நான்கு அடுக்கு வைக்கும் கேமில் 256 எம்பி. 2048 ஆக்கினால் மொத்தமே 64. நிழலின் ஓரம் கொஞ்சம் மென்மையாவதைத் தவிர எதுவும் தெரியாது, 190 எம்பி கைக்கு வந்துவிடுகிறது, ரெசல்யூஷனைக் குறைத்ததைவிட இரண்டு மடங்கு. கார்டுக்கு வேலையும் குறையும். ரே டிரேசிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் தனித்தனியாகப் பல நூறு எம்பி கேட்பவை, 4 ஜிபி-யில் அவற்றைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேமுக்கு வெளியே இருக்கும் செலவும் உண்டு. விண்டோஸ், இருபது டேப் திறந்த பிரவுசர், டிஸ்கார்ட், இரண்டாவது மானிட்டர், எல்லாம் அதே 4 ஜிபி-யில்தான் கை வைக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் Details பக்கத்தின் தலைப்பில் வலது கிளிக் செய்து Dedicated GPU memory என்ற நிரலைச் சேர்த்துப் பாருங்கள், யார் எவ்வளவு தின்கிறார் என்று தெரியும். பிரவுசரை மூடுவது மட்டும்தான் படத்தின் தரத்தில் ஒன்றையும் இழக்காமல் கிடைக்கும் மெமரி, அதனால் என் வரிசையில் அது முதலிடம். அப்புறம் நிழல், அப்புறம் டெக்ஸ்சர் ஒரு படி. ரெசல்யூஷனைக் கடைசியில்தான் தொடுவேன், அதுவும் எஃப்பிஎஸ் போதாவிட்டால்.

புதுக் கார்டு வாங்கலாம் என்றால் ஒரு குழியைத் தாண்டிப் போங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யின் 4 ஜிபி கார்டு அந்தப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் நான்கு லேனை மட்டும்தான் பயன்படுத்துகிறது. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அது நொடிக்குச் சுமார் 4 ஜிபி. கணக்கிடும் வேகம் 1650-ஐவிட அதிகம்தான், ஆனால் மெமரி நிரம்பி வழிய ஆரம்பித்ததும் ரேமிலிருந்து இழுப்பது 1650-ஐவிட நான்கு மடங்கு மெதுவாகிவிடும். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் இந்த விலையில் கார்டு தேடுவார் என்பது இதில் இருக்கும் வேடிக்கை.

எதையும் குறைப்பதற்கு முன்னால் உங்கள் திக்கல் மெமரியால்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் முதல் தடவை மட்டும் திக்கி, அடுத்த தடவை அதே வழியில் போகும்போது திக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஷேடர் எனப்படும் கார்டுக்கான சின்ன நிரல்கள் தயாராகும்போது வரும் திக்கல், டெக்ஸ்சரைக் குறைத்துப் பயனில்லை. போகப் போக மோசமாகி, கேமை மூடித் திறந்ததும் சரியாகிவிட்டால் மெமரி மேல்தான் சந்தேகம். டாஸ்க் மேனேஜரின் Performance பக்கத்தில் GPU-வைத் திறந்தால் Dedicated GPU memory, Shared GPU memory என்று இரண்டு வரைபடம் இருக்கும். முதலாவது உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்க, இரண்டாவது விளையாட விளையாட ஏறினால் வழிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். Shared எப்போதும் கொஞ்சம் காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு மாற்றம் செய்ததும் கேமை முழுவதும் மூடித் திறங்கள், பல கேம்கள் பழைய டெக்ஸ்சரை உடனே விடுவிப்பதில்லை. பிறகு அதே தெரு, அதே திருப்பம், இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அந்த இரண்டாவது வரைபடத்தை மறுபடி பாருங்கள். கோடு படுத்துக் கிடந்தால் டெக்ஸ்சரை ஒரு படி ஏற்றிப் பார்க்க இடம் இருக்கிறது.