ஐந்து வருடம் ஓடிய மின்சார கார்: SOH காட்டும் எண்ணும் ஒரு மஞ்சள் எச்சரிக்கையும்

மின்சார கார் ஓட்டுகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கு?" என்றுதான். என் காரில் செட்டிங்ஸுக்குள் போனால் SOH என்று ஒரு சதவீதம் தெரியும். ஐந்து வருடம் முடிந்த இந்த நேரத்தில் அது 91 என்கிறது. புதிதில் ஏற்றிக்கொண்ட மின்சாரத்தில் இன்றைக்கும் நூற்றில் 91 பங்கு ஏறும் என்று பொருள். இந்த எண் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆனால் இடையில் ஒன்றிரண்டு வருடம் அது உண்மையைக் காட்டவில்லை.

காரணம் எளிது. பேட்டரியின் கொள்ளளவை நேராக அளக்க காருக்குள் எந்தக் கருவியும் கிடையாது. உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும், பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணு அமைப்பு கணக்கு வைத்துக்கொண்டே வரும். அந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேரும். அதைத் திருத்த, பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்க்கும். என் காரில் இருப்பது எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதில் ஒரு செல் 20 சதவீதத்தில் இருந்தாலும் 80 சதவீதத்தில் இருந்தாலும் வோல்டேஜ் ஏறத்தாழ 3.2-க்கும் 3.35-க்கும் இடையில்தான் நிற்கும். நடுவில் எங்கே இருக்கிறோம் என்று பிஎம்எஸ்ஸுக்குத் தெரியாது. மேல் முனையிலும் கீழ் முனையிலும் மட்டுமே வோல்டேஜ் தெளிவாக வளையும். அங்கே போனால்தான் கணக்கு சரியாகும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி பேட்டரியில் வோல்டேஜ் சீராகச் சரிவதால் இந்தத் தொல்லை குறைவு.

தினசரி ஓட்டத்துக்கு சார்ஜை 40 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையிலேயே வைத்திருந்தேன். SOH நீண்ட நாள் 97-லேயே நின்றது. பிறகு ஒரு நெடும்பயணத்துக்காக 100 வரை ஏற்றி, நன்றாகக் காலி செய்து, மறுபடி முழுதாக ஏற்றினேன். அடுத்த சில நாட்களில் 97 போய் 92 ஆனது. பார்ப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து சதவீதம் செத்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. முந்தைய வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த இழப்பு அன்றைக்குத்தான் கணக்கில் ஏறியது. பொதுவாக இழப்பு முதல் வருடங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும். செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலம் லித்தியத்தை விழுங்குவதுதான் முக்கியக் காரணம். படலம் தடிக்கத் தடிக்க அந்த வேகம் தானாகவே குறைகிறது. வெயிலில் 100 சதவீதத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் படலம் சீக்கிரம் தடிக்கும்.

எண் சரியா என்று நாமே பார்க்கலாம். முந்தைய இரவு 100 வரை ஏற்றி, சார்ஜ் தானாக நின்ற பிறகும் சில மணி நேரம் பிளக்கிலேயே விட வேண்டும். மறுநாள் அதிகக் குளிரில்லாத நேரத்தில், இடையில் நெடுநேரம் நிறுத்தாமல், 10 சதவீதம் வரும்வரை ஓட்ட வேண்டும். 10 வரை இறக்குவது, வோல்டேஜ் அங்கேதான் வளையத் தொடங்கும் என்பதால். 50-ல் நிறுத்தினால் அந்த 50 என்பதே பிஎம்எஸ்ஸின் ஊகமாக இருக்கும். எனக்கு டிரிப் மீட்டர் 41.2 யூனிட் செலவு காட்டியது. அது 90 சதவீதத்துக்கான செலவு. 0.9-ஆல் வகுத்தால் 45.8 யூனிட். புதிதில் பயன்படுத்தக் கூடியதாக இருந்தது 50 யூனிட். ஆக 91.6 சதவீதம். SOH எண்ணோடு ஒத்துப்போகிறது.

இதே கணக்கை வீட்டு மீட்டரை வைத்துப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஏசி சார்ஜிங்கில் பத்தில் ஒரு பங்கு போல வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். 41.2 யூனிட் உள்ளே போக மீட்டரில் 45.8 ஓடும், அதை 0.9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 51 யூனிட் வரும். ஐந்து வருடப் பேட்டரி புதிதைவிடப் பெரிதாகிவிட்டது என்று அந்தக் கணக்கு சொல்லும்!

இனி அந்த மஞ்சள் எச்சரிக்கை. நான்காம் வருடம், ஒரு நாள் 14 சதவீதத்தில் போய்க்கொண்டிருந்த கார் சட்டென்று 6-க்கு இறங்கி, பேட்டரி சக்தி குறைக்கப்படுகிறது என்று காட்டியது. SOH மட்டும் அசையவில்லை. இது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். SOH என்பது முழு பேட்டரிக்குமான ஒரு எண். ஆனால் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், எந்த ஒரு செல் முதலில் காலியானாலும் வண்டி அங்கேயே அடங்கிவிடும்.

காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு அடாப்டர் செருகி, செல் வோல்டேஜ்களைப் பார்த்தேன். ஓடும்போது பார்த்தால் லோடில் வோல்டேஜ் இறங்கிக் குழப்பும். அதனால் நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் மற்றவை 3.05 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் 2.8-ல் இருந்தது. இதை வைத்து மட்டும் அந்த செல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. மேல் முனையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொள்ளளவு குறைந்த செல் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். அதனால் சார்ஜ் முடியும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி 3.6-ஐத் தொடும். வெறுமனே சார்ஜ் பின்தங்கிய செல் என்றால் கீழேயும் தாழ்ந்திருக்கும், மேலேயும் தாழ்ந்திருக்கும். என்னுடையது முழு சார்ஜில் மற்றவை 3.48 தொட்டபோது 3.36-ல் இருந்தது. செல் நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜ்தான் பின்தங்கியிருக்கிறது.

சர்வீஸ் சென்டர் டெக்னீஷியனும் அதைத்தான் சொன்னார்: "சார், கொஞ்ச நாளைக்கு 100-லேயே பிளக்ல விடுங்க. அதுவா சேர்ந்துக்கும்." பேலன்ஸிங் என்பது முன்னால் போன செல்களிலிருந்து சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, பின்தங்கியதோடு சமப்படுத்துவது. அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. 150 ஆம்பியர்-ஹவர் செல்லில் இரண்டு சதவீத வித்தியாசம் என்றால் 3 ஆம்பியர்-ஹவர், 0.1 ஆம்பியரில் வடித்தால் 30 மணி நேரம். ஒரே இரவில் சரியாகாததற்கு அதுதான் காரணம். சில வாரங்களில் இடைவெளி மூடியது, அந்தத் திடீர் இறக்கமும் நின்றது. அதன் பிறகு மாதத்தில் சில இரவுகளாவது முழுதாக ஏற்றிப் பிளக்கிலேயே விடுகிறேன். இது எல்எஃப்பி பேட்டரிக்கான பழக்கம். என்எம்சி காரை அடிக்கடி 100-ல் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாரன்டி விஷயத்திலும் இந்த வேறுபாடு பயன்படும். பெரும்பாலான கார்களில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் திறன் இழப்புக்கான வாரன்டி. 2022-ல் வந்த ஐ.நா.வின் உலகளாவிய தொழில்நுட்ப விதி 22-ம் முதல் 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டருக்கு 80 சதவீதம், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு 70 சதவீதம் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் ஆற்றலை உரிமையாளர் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் மேலே முந்தி ஓடி, கீழே முதலில் காலியாகும் ஒரு செல் உங்கள் காரில் இருந்தால் SOH 70 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது தேய்மானக் கணக்கில் வராது. பழுதுக் கணக்கில் வரும். முழு சார்ஜில் ஒன்று, 10 சதவீதத்தில் ஒன்று என செல் வோல்டேஜ் ஸ்கிரீன்ஷாட் இரண்டும், சதவீதம் தாவிய தேதியும் கிலோமீட்டரும் கையில் இருந்தால், சர்வீஸில் "SOH நார்மல்தானே" என்று அனுப்பிவைக்க முடியாது.