நாள்வரிசையா, ஆதார வரிசையா? அரிய மருந்துப் பாதிப்பு ஒன்றை 250 சொல்லுக்குள் சுருக்குவது

கொழும்பு வைத்தியசாலை விடுதிகளில் வேலை செய்யும் இளம் வைத்தியர்கள் ஒரு நோயாளிக்கு நேர்ந்ததை விவரித்து இதழ்களுக்கு எழுதும் கேஸ் ரிப்போர்ட்டுகளில் கட்டுரை நன்றாக இருக்கும், சுருக்கம்தான் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலானோர் கட்டுரையை வாசிப்பதில்லை, சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். மருந்துப் பாதிப்பு விஷயத்தில் அவர்கள் தேடுவது ஒன்றே ஒன்று: இந்த மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சுருக்கத்தை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. நடந்ததை நடந்தபடியே சொல்வது ஒன்று. மருந்தைக் காட்டிக்கொடுத்த ஆதாரங்களை முன்னால் வைப்பது மற்றது. பின்னணி, நோயாளி விவரம், முடிவுரை என்ற தலைப்புகள் இரண்டுக்கும் பொதுவானவை. சொல் எல்லை இதழுக்கு இதழ் மாறும். ஜேர்னல் ஒஃப் மெடிக்கல் கேஸ் ரிப்போர்ட்ஸ் 350 சொல் தருகிறது, வேறு சில இதழ்கள் 150இல் நிறுத்திவிடுகின்றன. இங்கே 250 என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை நோயாளி. 62 வயதுப் பெண், உயர் இரத்த அழுத்தம். லொசார்டான் மட்டும் போதாமல், லொசார்டானும் 12.5 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் சேர்ந்த குளிசை எழுதிக் கொடுக்கப்படுகிறது. முதல் குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி, காய்ச்சல், மூச்சுத்திணறல். நிமோனியா என்று சேர்த்து அன்டிபயோட்டிக் கொடுக்கிறார்கள், குளிசை நிறுத்தப்படுகிறது, மூன்று நாளில் சுகம். சில வாரம் கழித்து கிளினிக் கொப்பியில் இருந்த அதே குளிசையை மறுபடி போடுகிறார். 40 நிமிடத்தில் ஒட்சிசன் செறிவு 78 சதவீதம், இரத்த அழுத்தம் 80/50, எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் நீர். எக்கோவில் இதயம் நன்றாக இயங்குகிறது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பிறகு லொசார்டானைத் தனியாகக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை.

தயசைட்டால் நுரையீரலில் நீர் கோர்ப்பது மிக அரிது, ஆனால் பதிவான விஷயம். நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் வந்துவிடும். காய்ச்சலும் தாழ் அழுத்தமும் சேர்ந்து வருவதால் முதல் தடவை கிருமித்தொற்று என்றே தோன்றும்.

முதலில் நாள்வரிசைச் சுருக்கம். பின்னணிக்கு 70 சொல் போகிறது: உயர் அழுத்தம் எவ்வளவு பரவலானது, தயசைட் எவ்வளவு காலமாகப் பயன்படுகிறது என்றெல்லாம். அப்புறம் முதல் அனுமதி, அன்றைய வெள்ளணு எண்ணிக்கை, அன்டிபயோட்டிக்கின் பெயர், எத்தனை நாள் விடுதியில் இருந்தார். இரண்டாவது குளிசைக்கு வரும்போது பாதிச் சொற்கள் தீர்ந்துவிடும். எல்லையைத் தாண்டியதும் கடைசியில் இருப்பதைத்தான் வெட்டுவார்கள். கடைசியில் இருப்பது எது? லொசார்டான் தனியாகக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை என்ற வரி. இரண்டு மருந்து சேர்ந்த குளிசையில் குற்றவாளி எது என்று பிரித்துக் காட்டும் ஒரே வரி அதுதான். அது போய்விட்டால், தலைப்பில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்று எழுத உங்களுக்கு அடிப்படையே இல்லை.

ஆதார வரிசையில் பின்னணி இரண்டே வாக்கியம்: இது அரிது, தொற்று என்று தவறாகக் கருதப்படுவதால் மருந்து மறுபடி கொடுக்கப்பட்டுவிடுகிறது. நோயாளி விவரம் இப்படிப் போகும்:

“62 வயதுப் பெண் ஒருவர், லொசார்டான்–ஹைட்ரோகுளோரோதயசைட் (50/12.5 மில்லிகிராம்) குளிசை எடுத்து 40 நிமிடத்தில் காய்ச்சல், தாழ் இரத்த அழுத்தம், கடும் ஒட்சிசன் குறைவோடு வந்தார். சில வாரம் முன்பு இதே குளிசையின் முதல் வேளைக்குப் பிறகு இதேபோன்ற பாதிப்பு வந்து, நிமோனியா எனச் சிகிச்சை பெற்றிருந்தார். எக்கோ இயல்பு, கல்ச்சர்களில் வளர்ச்சி இல்லை. மருந்தை நிறுத்தி ஒட்சிசனும் திரவமும் கொடுத்ததில் மூன்று நாளில் குணமானார். பின்னர் லொசார்டான் தனியாக எவ்விதப் பாதிப்புமின்றித் தொடரப்பட்டது.”

ஐந்து வாக்கியம். கால இடைவெளி, மறுபடி கொடுத்ததும் மறுபடி வந்தது, வேறு காரணம் இல்லை, நிறுத்தியதும் தீர்ந்தது, கூட இருந்த மருந்து நிரபராதி. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இது 250க்குள் தாராளமாக அடங்கும்.

நாள்வரிசை எழுதுபவர்கள் இடம் போதாதபோது ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள்: ஆதாரத்தை வெட்டிவிட்டு “நரன்ஜோ மதிப்பெண் 9, உறுதி” என்று போடுவது. இதை நான் ஏற்பதில்லை. பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட 1981இல் வந்த அந்த அளவுகோலில் 9ம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 வரை அனேகமாக. நம் நோயாளிக்கு 9 எப்படி வருகிறது? முன்பே அறிக்கைகள் உண்டு 1, மருந்துக்குப் பின் நிகழ்ந்தது 2, நிறுத்தியதும் தேறியது 1, மறுபடி வந்தது 2, வேறு காரணம் இல்லை 2, புறநிலைச் சான்று 1. எக்கோவும் கல்ச்சரும் செய்யாமல் விட்டிருந்தால் வேறு காரணத்துக்கான 2 மதிப்பெண் 0 ஆகி, மொத்தம் 7க்கு இறங்கி, உறுதி என்பது அனேகமாக ஆகிவிடும். வெறும் 9ஐப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணை நீங்கள் எதை வைத்துப் போட்டீர்கள் என்று தெரியாது. முந்தைய சம்பவத்தையே “மறுபடி வந்தது”, “முன்பும் இப்படி வந்ததுண்டு” என்று இரண்டு கேள்விக்கும் எண்ணி 10 ஆக்குபவர்களும் உண்டு. ஆகவே மதிப்பெண்ணைப் போடுங்கள், ஆனால் ஆதாரத்துக்குப் பின்னால் போடுங்கள்.

சொல்லை மிச்சம் பிடிக்கும் இடங்களிலும் இரண்டு வழிகளும் வேறுபடுகின்றன. மருந்தின் பெயரைச் சுருக்குவதால் ஒரு சொல்லும் மிச்சமில்லை: ஹைட்ரோகுளோரோதயசைட்டும் ஒரு சொல், எச்சிடிஇசட்டும் ஒரு சொல். தேடுபவருக்குக் கிடைக்காமல் போவதுதான் மிச்சம். கடும் மூச்சுத்திணறல் நிலையைக் குறிக்கும், ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் வரும் பெயரை ஏஆர்டிஎஸ் என்று சுருக்கினால், முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று சொல் லாபம். நாள்வரிசையில் இயல்பாகவே நுழைந்துவிடும் இன்னொன்று, “வெள்ளவத்தையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை” மாதிரியான விவரம். அது சொல்லையும் தின்னும், கொழும்பு தமிழ்ச் சூழலில் ஆளையும் காட்டிக்கொடுக்கும். வயதும் பாலினமும் போதும்.

முடிவுரையில் “வைத்தியர்கள் இதைப் பற்றி விழிப்பாக இருக்க வேண்டும்” என்பது எந்தக் கேஸுக்கும் பொருந்தும், எனவே எதற்கும் உதவாது. இந்தக் கேஸுக்கு எழுத வேண்டியது: திடீரென நுரையீரலில் நீர் கோர்த்து, இதயம் நன்றாக இருந்து, காய்ச்சலும் தாழ் அழுத்தமும் சேர்ந்திருந்தால், கடந்த சில மணித்தியாலங்களில் எடுத்த தயசைட்டைக் கேளுங்கள்; உறுதியானால் மறுபடி கொடுக்காதீர்கள்.

எல்லா இடத்திலும் ஆதார வரிசைதான் சரி என்று சொல்லமாட்டேன். மருந்தால் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் சேர்ந்து வரும் டிரெஸ் போன்ற பாதிப்பு, மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்தில்தான் வெளிப்படுகிறது. இடையில் ஒருவருக்கு அலோபியூரினோல், அன்டிபயோட்டிக், வலிப்பு மருந்து என்று மூன்றும் தொடங்கியிருக்கலாம். அங்கே எது எந்த நாளில் தொடங்கியது, தடிப்பு எந்த நாளில் வந்தது என்ற வரிசையேதான் ஆதாரம். மறுபடி கொடுத்துப் பார்க்கவும் முடியாது, அது ஆபத்து. அந்தக் கேஸை நாள்வரிசையிலேயே எழுதுங்கள். திகதிகளுக்குப் பதிலாக மருந்து தொடங்கிய நாளை 1 என்று வைத்து எண்ணினால் சொல்லும் குறையும், நோயாளியின் அடையாளமும் மறையும்.