ஈயக் கருவுக்கு எந்த மாதிரி: திரவத்துளியா, கூடா?

அணுக்கருவை ஒரு திரவத்துளியாகப் பார்ப்பதா, புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்கான கூடுகளில் நிறைவதாகப் பார்ப்பதா, கணக்கில் எதை எடுப்பது என்று குழம்புபவர்கள் ஈயத்தை (82 புரோட்டான்) வைத்துப் பார்க்கலாம்.

நிலைத்தன்மை
திரவத்துளி: பிணைப்பாற்றல் சீராகத்தான் மாறும்.
கூடு: 126-வது நியூட்ரானோடு ஒரு கூடு நிறையும், அடுத்தது மேலே, தளர்வாக.

ஈயம்-207இல் கடைசி நியூட்ரானைப் பிடுங்க 6.7 MeV வேண்டும், ஈயம்-209இல் 3.9 போதும். இரண்டிலும் அது இணையில்லாத ஒற்றை நியூட்ரான்தான், அதனால் இணைவிளைவின் மேல் பழிபோட முடியாது. துளியால் இந்தச் சரிவைக் காட்ட முடியவில்லை. தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் வலுவாகப் பிணைந்தவை என்று 1949இல் மேயரும் யென்சனும் சேர்த்த பிறகுதான் கூடு நிறையும் எண்ணிக்கையான 126 என்ற மாய எண்ணே கணக்கில் வந்தது.

அடிநிலைத் தற்சுழற்சி
திரவத்துளி: பதிலே இல்லை.
கூடு: இணைந்தவை ஒன்றையொன்று ரத்துசெய்யும், மிஞ்சுவது ஒற்றையின் மதிப்பு. ஈயம்-207இல் p₁/₂ என்ற நியூட்ரான் நிலையில் ஒரு காலியிடம், கீழே உள்ள எண்தான் தற்சுழற்சி, எனவே 1/2. ஈயம்-209இல் 127-வது நியூட்ரான் g₉/₂-இல், எனவே 9/2. அளவீடும் அதேதான்.

ஆனால் ஃபுளோரின்-19இல் இந்த எளிய விதி 5/2 என்கிறது, அளந்தால் 1/2. கூடு பாதி நிரம்பிக் கரு நீண்டுவிட்டால் ஒற்றைத் துகளை மட்டும் நம்பக் கூடாது.

பிளவாற்றலுக்கும் மொத்த நிறைக்கும் துளி போதும். மாய எண் அருகே தற்சுழற்சி வேண்டுமா, கூடுதான்.