கண்ணைத் திருத்தித் தருவதாகச் சொல்லி ரூ.8,400 வாங்கிக்கொண்டு கண்ணையே மாற்றிவிட்டார்கள்: படக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இணையம் வழியாகப் படங்களை வாங்கித் திருத்தி அனுப்பும் ஒரு சேவை, என்னிடம் ரூ.8,400 வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது. பெயரை எழுதப்போவதில்லை. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கைப்பேசிக்கு விலைப்பட்டியல் அனுப்பி, கல்யாணப் படம் எடுப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் வகை. முகூர்த்த மாதங்களில் உங்களுக்கும் அந்தச் செய்தி வரும். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் சேலத்தில் படம் எடுப்பவன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் அறுபதாம் கல்யாணம். கூடத்துக்குள்ளேயே ஹோமம் வளர்த்ததால் புகை வெளியேற வழியில்லை. பெரியவருக்கு முதல் நாள் இரவு தூக்கமும் இல்லை. கலச அபிஷேகம் முடிந்து வந்தபோது வெண்விழி முழுக்கச் சிவந்து, கண்ணோரத்தில் நரம்புகள் தடித்துத் தெரிந்தன. அவரைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்த ஒரு படத்தைத்தான் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டார். வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. வெளிச்சம் மிருதுவாக, படத்தின் இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் ஓட்டுத் தாழ்வாரம் மேல் வெளிச்சத்தை மறைத்துவிட்டது. வயதில் தளர்ந்த மேல் இமையும் சேர்ந்துகொண்டது. அதனால் வெளிச்சத்துக்கு அருகில் இருந்த கண்ணில், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், மங்கலான ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. மறு கண்ணில் அதுவும் இல்லை.

அந்த ஒளிப்புள்ளியைத்தான் கேட்ச்லைட் என்கிறோம். அது இல்லாத கண் எவ்வளவு சிரித்தாலும் சோர்ந்தே தெரியும்.

ஆல்பத்துக்கும் சட்டத்துக்குமாக 28 படங்களில் கண்ணைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. படத்துக்கு ரூ.300, மொத்தம் ரூ.8,400. அடுத்தடுத்து முகூர்த்தங்கள் இருந்ததால் வெளியே கொடுக்க முடிவு செய்தேன். "ஒரு படம் அனுப்புங்கள் அண்ணா, இலவசமாகச் செய்து காட்டுகிறோம். பிடித்திருந்தால் மட்டும் கொடுங்கள்" என்றார் தொலைபேசியில் பேசிய தம்பி. இருந்ததிலேயே கடினமான படத்தை அனுப்பினேன். புகையில் கண்ணீர் தளும்பப் பெரியவரின் மனைவி நிற்கும் படம் அது.

அன்று மாலையே திரும்பி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தடித்த நரம்புகள் மட்டும் அடங்கியிருந்தன. மெல்லியவை அப்படியே இருந்தன. மூக்கை ஒட்டிய கண்மூலையில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதையைத் தொடவே இல்லை. மேல் இமை வெண்விழியின்மீது போடும் மெல்லிய நிழலும் அதன் இடத்தில் இருந்தது. அவசரக்காரர்கள் முதலில் அழிப்பதே அந்த நிழலைத்தான். லேயர்கள் பிரித்த கோப்பையும் கேட்காமலே அனுப்பியிருந்தார்கள். கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் செய்த வேலை என்று நம்பினேன். "சீசன் அண்ணா, முழுப் பணமும் வந்தால்தான் வரிசையில் சேர்ப்போம்" என்றார். ரூ.8,400 மொத்தத்தையும் யுபிஐயில் அனுப்பினேன்.

வந்து சேர்ந்த படங்களைப் பார்த்து வயிறு எரிந்தது. பெரியவரின் வெண்விழி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே வெள்ளை. இமை நிழலைக் காணோம். கண்மூலைச் சதையும் சாம்பல் நிறம். அறுபது வயதில் கருவிழியைச் சுற்றிப் பலருக்கும் ஒரு நரைத்த வளையம் தெரியும், அவருக்கும் உண்டு. அதை அழித்து, அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இரண்டு பாவைகளுக்கும் நட்டநடுவில், ஓரம் கூர்மையாக, சுத்த வெள்ளையில் ஒரு வட்டப் புள்ளி. இடப்பக்கத்து வானத்தின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நேர் எதிரே ஃபிளாஷ் அடித்த புள்ளி எங்கிருந்து வரும்? மற்ற படங்களிலும் அதே புள்ளி, அதே அளவு, அதே இடம். தாலி கட்டும் நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் தாழ்த்தியிருக்கும் படத்தில், புள்ளி இமை முடிக்கு மேலே உட்கார்ந்திருந்தது! மாதிரிப் படத்தைக் கையால் செய்துவிட்டு, பணம் வந்ததும் மொத்தத்தையும் ஒரே ஆக்‌ஷனில் ஓட்டிவிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மகள் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து திரையில் பார்த்தார். "இது அப்பா கண்ணே இல்லையே அண்ணா. அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினது போல இருக்கிறதே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதன்பின் அந்தச் சேவைக்காரர்கள் சொன்ன சமாதானங்களைக் கேளுங்கள். "மானிட்டரில் அப்படித் தெரியும் அண்ணா, அச்சில் சரியாகிவிடும்." பச்சைப் பொய். சுத்த வெள்ளைக்கு அச்சில் மையே விழாது. வெறும் காகிதம்தான் தெரியும். திரையில் பளிச்சென்று இருப்பது சட்டத்துக்குள் போனால் முகத்தில் ஓட்டை விழுந்ததாகத் தெரியும். அடுத்து, "இப்போது எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்." அடுத்து, "சீனியர் ஊருக்குப் போயிருக்கிறார்." லேயர் கோப்பையாவது கொடுங்கள், நானே குறைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத் தனிக் கட்டணமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ரீஃபண்ட் கிடையாது சார், அடுத்த ஆர்டரில் ரூ.500 கழித்துக்கொள்கிறோம்" என்று வந்தது. அண்ணன் சாராகிவிட்டேன். இப்போது என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். ரூ.8,400 போனது போனதுதான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

பெரியவரின் படத்தை மூலக் கோப்பிலிருந்து நானே மறுபடி செய்தேன். இந்த வேலை எவ்வளவு சிறியது என்று தெரிந்தால்தான் அவர்கள் செய்த அநியாயம் புரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

படத்தை நூறு சதவீத அளவில் திறந்து, வெற்று லேயர் ஒன்றில் ஹீலிங் பிரஷ்ஷால் கண்ணோரத்துத் தடித்த நரம்புகளை மட்டும் அடக்கினேன். அந்த லேயரின் அடர்த்தியைக் குறைத்து, நரம்பு இருந்த சுவடு லேசாகத் தெரியும்படி விட்டேன். பிறகு ஹ்யூ சாச்சுரேஷன் லேயர். அதில் சிவப்பை மட்டும் தேர்ந்து, நிறச்செறிவை மைனஸ் 45 வரை குறைத்தேன். முழுவதும் எடுத்துவிட்டால் வெண்விழி சிமெண்ட் நிறமாகி உயிரற்றுப் போகும். மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, மென்மையான பிரஷ்ஷால் வெண்விழியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். கண்மூலைச் சதைக்கும் கீழிமையின் ஈர விளிம்புக்கும் பிரஷ் போகக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு வெண்விழியில் லேசான பழுப்புத் திட்டு இருக்கும். அது நோயுமல்ல, அழுக்குமல்ல, நிறமிதான். அதையும் முழுக்க அழித்தால் ஆள் மாறிவிடுவார்.

வெளிச்சம் கூட்டியது அதற்குப் பிறகுதான். கர்வ்ஸில் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, வெண்விழியின் நடுப்பகுதியில் மட்டும் திறந்தேன். 150 அளவில் இருந்தது 175-க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அவர் நெற்றிப் பளபளப்பே 215-தான். வெண்விழி அதைத் தாண்டிவிட்டால் கண் தனியாக விளக்குபோல் எரியும். கண் ஓர் உருண்டை. ஓரங்களும் மேல்புறமும் இருண்டிருப்பதால்தான் அது உருண்டையாகத் தெரிகிறது. எல்லா இடத்தையும் ஒரே அளவில் ஏற்றினால் அது தட்டையாகிவிடும். கண்ணாடிக் கண் என்று நாம் முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் இந்தத் தட்டை வெள்ளையும், கூர்மையான ஒளிப்புள்ளியும்தான் காரணம்.

ஒளிப்புள்ளியைப் புதிதாக வரையவே இல்லை. ஒரு கண்ணில் மங்கலாக இருந்ததையே கர்வ்ஸால் தூக்கினேன். மூட்டத்து வானத்தின் பிரதிபலிப்பு என்பதால் அது அகலமாகவும் ஓரம் கரைந்தும் இருந்தது; அப்படியேதான் இருக்க வேண்டும். அதை நகலெடுத்து மறு கண்ணில் வைத்தேன். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் பொருந்தட்டும் என்று நகலைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். திருப்பினால் பத்து மணியில் இருந்தது இரண்டு மணிக்குப் போய்விடும். வானம் ஒன்றுதானே, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்தான் விழும். நகலை ஸ்கிரீன் முறையில் வைத்து, அறுபது சதவீதத்துக்குக் குறைத்து, துளி மங்கலாக்கி, அதன் மேல் ஓரத்தை இமைக்கு அடியில் மறையும்படி மாஸ்க் செய்தேன். கடைசியாக ஒளிப்புள்ளிக்கு எதிர்ப்புறம், கருவிழியின் நான்கு மணிப் பக்கத்தை ஒரு சாயல் மட்டும் வெளிச்சமாக்கினேன். கண்ணுக்குள் நுழையும் ஒளி எதிர்ப்பக்கத்தில்தான் பரவி மின்னும். அதைச் செய்ததும் பெரியவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு படத்தை விரல் நக அளவுக்குச் சுருக்கினேன். முகத்துக்கு முன்னால் கண் தெரிந்தது. லேயர்களை ஒரே குழுவாக்கி எழுபது சதவீதத்துக்கு இறக்கினேன். நரைத்த வளையம் அவருடையது. அது அங்கேயே இருக்கிறது. மற்ற படங்களையும் இப்படித்தான் இரவில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன், ரூ.8,400 கொடுத்த பிறகும்.

பார்த்து வாங்குங்கள் என்று சொன்னேனே, இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. ஒரு மாதிரிப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் வேறுவேறு பக்கத்திலிருந்து வரும் மூன்று படங்களைக் கேளுங்கள், மூன்றிலும் புள்ளி ஒரே இடத்தில் இருந்தால் வேண்டாம். லேயர் கோப்பு தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணம் முன்னால் கேட்டால் விலகிவிடுங்கள். அச்சில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும், ஒரு சிறிய பிரிண்ட் போட்டுப் பார்க்காமல் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.