வெள்ளைப் பூச்சா, காப்புப் பலகையா?

தில்லி மயூர் விகாரில் எங்கள் வீடு மேல்தளம். மே மாத இரவு ஒன்பது மணிக்குக்கூட உட்கூரையில் கை வைத்தால் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் அப்போதுதான் கீழே இறக்கும்.

மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பூச்சு அந்த வெயிலில் பெரும்பகுதியைத் தளத்துக்குள் போக விடாது. வெறும் கான்கிரீட் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சும். புதிய வெள்ளைப் பூச்சு சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். செலவும் குறைவு. ஆனால் இங்கே ஒரு புழுதிக்காற்று அடித்தால் போதும், வெள்ளை மங்கிவிடும். கோடையில் அவ்வப்போது கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும்.

வெப்பத்தைத் தடுக்கும் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகைக்கு இந்தக் கவலை இல்லை. தளத்தின் மேலே நீர்க்காப்பு, அதன்மேல் பலகை, அப்புறம் ஓடு. செலவு அதிகம், மழைநீர் வடியும் சாய்வும் கெடக்கூடாது. பலகையை உட்கூரையில் ஒட்டினால் தளம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒன்று முக்கியம்: பலகை போட்டால் அறைக்குள் சேரும் சூடும் கூரை வழியே எளிதில் வெளியேறாது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்ட வேண்டும்.

வாடகை வீடென்றால் பூச்சு, சொந்த வீடென்றால் பலகை என்பேன்.