வயிறு 28 செ.மீ., அட்டையில் 32 வாரம்: கை, டேப், ஸ்கேன், எதை நம்புவது?

கர்ப்பிணி அட்டையில் 32 வாரம் என்று இருக்கிறது. அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை டேப்பை வைத்தால், ஏறக்குறைய 32 வர வேண்டிய இடத்தில் 28 செ.மீ. தான் வருகிறது. குழந்தையின் வளர்ச்சி பின்தங்கியிருக்கலாம். அல்லது குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, 32 வாரம் என்ற கணக்கு தப்பாக இருக்கலாம். தேதியும் வளர்ச்சியும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடப்பதுதான் சிக்கல். அதைப் பிரித்துச் சொல்லக் கை, டேப், ஸ்கேன் மூன்றில் எது உதவும் என்று பார்ப்போம்.

முதலில் கை. வயிற்றைத் தொட்டு, கர்ப்பப்பையின் உச்சி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பழைய வழி. 12 வாரத்தில் அது அடிவயிற்று எலும்புக்கு மேலே லேசாகத் தட்டுப்படும், 24 வாரத்தில் தொப்புள் அளவுக்கு வரும், 36 வாரத்தில் நெஞ்செலும்பின் நுனியைத் தொடும் என்று நம் ஊர் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வேறு சில பாடநூல்கள் தொப்புளுக்கு 20 வாரம் என்கின்றன. இரண்டுக்கும் 4 வார வித்தியாசம்! தொப்புள் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, விரல் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் தலை எங்கே, முதுகு எங்கே, தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று கை சொல்வதை டேப் சொல்லாது.

டேப்பின் பலம், எண்ணை எழுதி வைக்கலாம் என்பது. 24 வாரத்துக்கு அப்புறம் சென்டிமீட்டர் கணக்கும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். 2 செ.மீ. முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை. 36 வாரத்துக்கு மேல் தலை இடுப்புக்குள் இறங்க ஆரம்பித்தால் அளவு நிற்கலாம், குறையவும் செய்யலாம்.

டேப் வந்துவிட்டதால் குழந்தைகள் அதிகம் பிழைத்தார்களா? அப்படி நிரூபணம் இல்லை. கை, டேப் இரண்டையும் நேருக்கு நேர் சோதித்து, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் இடம்பெற்றது ஒரே ஒரு சோதனைதான். அதில் 1,639 பெண்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2016-ல், எந்த ஊரில் எது வழக்கமோ அதை மாற்ற வேண்டியதில்லை என்றது. நான் டேப் பக்கம்தான். ஒரு மாதம் ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர் பார்க்கும் இடத்தில் "தொப்புளுக்கு மேல் மூன்று விரல்" என்ற குறிப்பு யாருடைய விரல் என்று தெரியாமல் போய்விடும்.

ஆனால் டேப்பை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளும். இல்லாத வளர்ச்சி இருப்பதுபோல் தெரியும். கால்களை நீட்டி, தலைமாடு சற்று உயர்ந்தபடி படுக்க வைத்து, கர்ப்பப்பையின் உச்சியைக் கையால் கண்டுபிடித்து, டேப்பின் நுனியை அங்கே பிடித்து, அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்பு வரை நீட்ட வேண்டும். தையல் கடையில் உழைத்துத் தளர்ந்த துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளாத டேப் வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: எண் இருக்கும் பக்கம் வயிற்றைப் பார்த்து, வெறும் பக்கம் மேலே இருக்க வேண்டும். அளந்து முடித்துத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். 30 வாரம் என்று தெரிந்தபிறகு எண்ணைப் பார்த்தபடி அளந்தால், கை தானாக 30-ல் போய் நிற்கும். 24-க்கு 24, 28-க்கு 28, 32-க்கு 32 என்று ஒன்றுகூடப் பிசகாத அட்டையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இனி தேதிக்கு வருவோம். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டும் வாய்க்கணக்கு, மாதவிடாய் ஒழுங்காக வந்து நாளும் நினைவிருந்தால் சரியாக வரும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன், குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை அளந்து, ஒரு வாரத்துக்குள்ளான பிழையோடு தேதி சொல்லும். தேதி விஷயத்தில் இதற்கு ஈடு இல்லை. 28 வாரத்துக்கு மேல் எடுக்கும் ஸ்கேனோ மூன்று வாரம் வரை தவறலாம். காரணம் எளிது: அந்த ஸ்கேன் குழந்தையின் அளவிலிருந்து வயதை ஊகிக்கிறது. குழந்தை சின்னதாக இருந்தால் வயதையே குறைத்துச் சொல்லிவிடும். டேப்புக்கும் அதே குறைதான், இன்னும் மோசமாக.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் அட்டையில் 32 வாரம், டேப்பில் 28.

முதல் பெண்ணுக்கு 12 வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துத் தேதி உறுதியாகியிருக்கிறது. 26 வாரத்தில் 26, 28-ல் 27, 30-ல் 28, 32-லும் 28. இங்கே தேதியைச் சந்தேகிக்க இடமில்லை, இந்த அளவுகளை வரைந்தால் வரும் வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டது. அந்த வாரமே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு, எடை, பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் எல்லாம் தேவை. நீர் குறைவோ, குழந்தை குறுக்கே கிடப்பதோகூடக் காரணமாக இருக்கலாம். அதையும் ஸ்கேன் காட்டும்.

இரண்டாவது பெண் மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே உண்டானவர். மாதவிடாய் ஒழுங்காகத் திரும்பவில்லை. "பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி" என்று அவர் சொன்னதை வைத்து ஜனவரி 7 என்று எழுதி, பிரசவத் தேதி அக்டோபர் 14 என்று போட்டாயிற்று. அட்டைக் கணக்கில் 24, 28, 32 வாரங்களில் அவர் அளவு 20, 24, 28. எப்போதும் 4 செ.மீ. குறைவு, ஆனால் வாரத்துக்கு 1 செ.மீ. தவறாமல் ஏறுகிறது. இரண்டு அளவுகளுக்கு இடையே எத்தனை வாரம் போனது என்பதற்குக் கடைசி மாதவிடாய் தேதி தெரிய வேண்டியதில்லை. டேப் தனியாகச் சொல்லக்கூடிய நம்பகமான சேதி இந்த ஏற்றம்தான். தேதி 4 வாரம் தப்பு, உண்மைத் தேதி நவம்பர் 11-ஐ ஒட்டி இருக்கும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

நியாயம்தான், நிச்சயம் இல்லை. ஆரம்பத்திலிருந்தே சின்னதாக வளரும் குழந்தையின் கோடும் இப்படியே இருக்கலாம். முதல் தடவை 24-க்கு 20 வந்தபோதே அவரை ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால், பத்து நாள் பிழைக்குள் தேதி கிடைத்திருக்கும். 32-ல் ஒரே ஒரு ஸ்கேன் எடுத்து "28 வாரக் குழந்தை" என்று தேதியை மாற்றுவது ஆபத்து. இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து வளர்ச்சியை ஒப்பிட வேண்டும்; டாப்ளரும் நீரும் சரியாக இருக்க வேண்டும்.

டேப்பை நம்பவே கூடாத வயிறுகளும் உண்டு. இரட்டைக் குழந்தை, பெரிய கட்டி, மிக அதிகப் பருமன் இருந்தால் டேப் எண்ணுக்காகக் காத்திருக்காமல் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேனே எடுப்பார்கள்.

அந்த இரண்டாவது பெண்ணின் அட்டையில் பழைய தேதியை அடித்துவிடாமல், பக்கத்தில் "தேதி உறுதியில்லை" என்று சிவப்பில் எழுதி, இரண்டு ஸ்கேன்களின் நாளையும் அளவையும் குறித்து வைப்பேன். இல்லாவிட்டால் அக்டோபர் 21-ல் பிரசவ அறையில் இருப்பவர் 41 வாரம், தேதி தாண்டிவிட்டது என்று வலி வர மருந்து ஏற்றுவார். அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு வயது 37 வாரமாக இருக்கலாம்.